பழத்திலிருந்து டிஎன்ஏ: 9-ஆம் வகுப்புக்கான 45 நிமிட உரைத் திட்டம், திருத்தம் சொல்லுங்கள்

நுண்ணோக்கி

தமிழ் வழியில் படிக்கும் 9-ஆம் வகுப்பு மாணவர்கள் 40 பேருக்கு 45 நிமிடம் பேச வேண்டும். வீட்டிலேயே பழத்திலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுப்பதை நேரில் செய்துகாட்டி, ஒவ்வொரு படியிலும் "ஏன் இப்படி" என்று விளக்குவதுதான் நோக்கம். கையில் இருக்கும் வரைவு இது:

பாதி வாழைப்பழம் (சுமார் 50 கிராம்), 200 மி.லி. தண்ணீர், ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, அரைத் தேக்கரண்டி உப்பு. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து, காபி வடிதாளில் வடிகட்டி, மேலே குளிர்ந்த ஆல்கஹால் ஊற்றினால் வெள்ளையாகத் திரண்டு வரும். அதைக் குச்சியில் சுற்றி எடுத்து "இதுதான் டிஎன்ஏ" என்று காட்டுவது.

விளக்கத்துக்கு 15 நிமிடம், செய்முறைக்கு 20, கேள்விகளுக்கு 10. எங்கே சொதப்பும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சையம்

வாழைப்பழத்தை விடுங்க, ஸ்ட்ராபெரி எடுங்க. அதோட செல்லில் குரோமோசோம் தொகுதி எட்டு இருக்கு. நம்ம உடம்பில் இரண்டுதான், வாழையில் மூணு. எட்டு இருந்தா டிஎன்ஏவும் அந்த அளவுக்கு அதிகம். செய்துகாட்ட அதைவிட நல்ல பழம் கிடையாது.

வண்டல்

பச்சையம் சொன்ன எண்ணிக்கை சரி, அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை. ஸ்ட்ராபெரியில் எட்டுத் தொகுதிகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் சிறியது, சுமார் 20 கோடி கார இணைகள், அதாவது டிஎன்ஏ ஏணியின் படிகள். எட்டையும் கூட்டினால் 160 கோடி. வாழையில் மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 52 கோடி. கூட்டினால் 156 கோடி. ஆக ஒரு செல்லுக்கு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு டிஎன்ஏதான். மனித செல்லில் தொகுதிகள் இரண்டே இரண்டு, ஆனால் மொத்தம் 600 கோடியைத் தாண்டும். தொகுதிகளின் எண்ணிக்கையை வைத்து டிஎன்ஏவின் அளவைச் சொல்ல முடியாது.

ஸ்ட்ராபெரி வசதியானது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. மென்மையான பழம், கையாலேயே கூழாகிவிடும். வாழைப்பழமும் அப்படித்தான். எது கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

இனி வரைவுக்கு வருகிறேன். அதில் மூன்று இடங்கள் இடிக்கின்றன.

முதலாவது, மிக்சி. சோப்பைச் சேர்த்துவிட்டு மிக்சியில் அடித்தால் இரண்டு கெடுதல். குடுவை முழுக்க நுரையாகும், அந்த நுரை வடிதாளை அடைத்துக்கொள்ளும், பிறகு ஆல்கஹால் அடுக்கு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதைவிடப் பெரிய கெடுதல், சோப்பு உட்கருவைத் திறந்ததும் வெளியே வரும் நீளமான இழைகளைப் பிளேடு துண்டு துண்டாக்கிவிடும். நீளமான இழைதான் குச்சியில் சுற்றும், துண்டுகள் சுற்றாது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் பழத்தை உப்புத் தண்ணீரோடு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, இரண்டு நிமிடம் கையால் நன்றாகப் பிசையுங்கள். இந்தக் கட்டத்தில் டிஎன்ஏ பெரும்பாலும் உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கும், எவ்வளவு நசுக்கினாலும் பாதகமில்லை. சோப்பைக் கடைசியில் சேருங்கள். அதன் பிறகு கரண்டியால் மெல்லக் கிளறினால் போதும்.

இரண்டாவது, தண்ணீர். 50 கிராம் பழத்துக்கு 200 மி.லி. மிக அதிகம், இருக்கும் கொஞ்சமும் நீர்த்துப்போகும். 50 மி.லி. தண்ணீர், கால் தேக்கரண்டி உப்பு (ஏறத்தாழ ஒன்றரை கிராம்), ஒரு தேக்கரண்டி சோப்பு, இவ்வளவு போதும். காபி வடிதாளில் வாழைக்கூழ் இறங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள், ஐந்து நிமிடத்தில் தேவையான அளவு இறங்கிவிடும். அவசரத்தில் துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம், கூழும் சேர்ந்து வந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: "இதுதான் டிஎன்ஏ" என்ற வாக்கியம். குச்சியில் சுற்றி வரும் வெள்ளைப் பொருளில் பெரும்பகுதி டிஎன்ஏ அல்ல, பெக்டின். பழத்தின் செல் சுவர்களை ஒட்டவைத்திருக்கும் சர்க்கரைச் சங்கிலி அது. அதுவும் தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாமல் வெள்ளையாகத் திரளும். பழம் பழுக்கப் பழுக்க அது இன்னும் அதிகமாகத் தண்ணீருக்கு வரும்.

கரும்பலகை

வண்டல் சார், இதை 14 வயசுப் பிள்ளைகிட்ட சொல்லணுமா? அவங்க முதல் தடவையா செல்லுக்குள்ள இருக்கிற ஒண்ணைக் கண்ணால பார்க்கிறாங்க. "பார்த்தது அது இல்லை"ன்னு சொன்னா மொத்த உரையும் விழுந்துடும்.

வண்டல்

டீச்சர், "இல்லை" என்று சொல்லச் சொல்லவில்லை. "இதற்குள் டிஎன்ஏவும் இருக்கிறது, எவ்வளவு என்று கணக்குப் போடுவோம்" என்று சொல்லலாம். இந்தக் கணக்கு 9-ஆம் வகுப்புக்கு எட்டும்:

பழச் சதையின் செல் பெரியது. ஒரு பக்கம் 0.1 மி.மீ. உள்ள கனசதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் 100 செல்கள் அடங்கும். ஒரு கன சென்டிமீட்டரில் 100 × 100 × 100, அதாவது 10 லட்சம். ஒரு கிராம் பழம் என்பது ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர்.

வாழைச் செல் ஒன்றில் உள்ள டிஎன்ஏவின் எடை சுமார் 1.6 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்குதான் பிகோகிராம். 10 லட்சம் செல்லுக்கு 1.6 மைக்ரோகிராம். 50 கிராம் பழத்துக்கு 80 மைக்ரோகிராம். தூள் உப்பில் ஓரிரு மணிகளின் எடை அது.

பழமும் திரவமும் சேர்ந்து சுமார் 100 மி.லி. அதில் 5 மி.லி. வடிநீரைத்தான் சோதனைக் குழாயில் எடுக்கிறோம், இருபதில் ஒரு பங்கு. அப்படியானால் குழாய்க்குள் இருப்பது அதிகபட்சம் 4 மைக்ரோகிராம். குச்சியில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் உருண்டையோ பல மில்லிகிராம் எடை இருக்கும். டிஎன்ஏ நிறைய நீரைப் பிடித்துக்கொண்டு வீங்கும் என்பதைக் கணக்கில் எடுத்தாலும், மீதி வேறு ஏதோ என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

செல் அளவும் மற்றதும் தோராயம்தான். இரண்டு மடங்கு முன்பின் ஆனாலும் முடிவு மாறாது.

இதே கணக்கில் வியப்புக்கும் இடம் இருக்கிறது. ஒரு கார இணைக்கும் அடுத்ததற்கும் இடையே 0.34 நானோமீட்டர். 156 கோடியால் பெருக்குங்கள்: அரை மீட்டரைத் தாண்டும். 0.1 மி.மீ. செல்லுக்குள் அரை மீட்டர் நூல். அதன் தடிமன் 2 நானோமீட்டர், அதனால்தான் தனி இழையைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்க்கவே முடியாது. ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று சிக்கித் திரண்டால்தான் கண்ணுக்குப் படும்.

பச்சையம்

அப்ப ஒரு வழி இருக்கு. மெத்திலீன் நீலம் ரெண்டு சொட்டு விடுங்க. டிஎன்ஏவில் ஒட்டும், நீலமா மாறினா அது டிஎன்ஏ. வேலை முடிஞ்சுது.

வண்டல்

டிஎன்ஏவில் ஒட்டும், உண்மை. ஒட்டுவதற்குக் காரணம் என்ன? சாயத்துக்கு நேர் மின்சுமை, டிஎன்ஏவுக்கு எதிர் மின்சுமை. பெக்டினும் அமிலம், அதற்கும் எதிர் மின்சுமைதான், ஆகவே அதுவும் நீலமாகும். இந்தச் சாயம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. டைஃபீனைலமீன் சோதனை பிரித்துக் காட்டும், ஆனால் அதற்கு அடர் அசிட்டிக் அமிலமும் கந்தக அமிலமும் வேண்டும். வீட்டுப் பக்கமே அது வரக்கூடாது.

கதிர்12

நடுவில வர்றேன், மன்னிக்கணும். நான் பப்பாளியில செஞ்சேன், ஒண்ணுமே வரல. கையில தேய்க்கிற சானிடைசர் ஜெல் ஊத்தினேன், குழாய் முழுக்க ஒரே கலங்கல், அடுக்கே பிரியல. இன்னொரு சந்தேகம்: இதே முறையில் எடுத்த டிஎன்ஏவை வச்சு அந்தப் பழம் மரபணு மாற்றப்பட்டதான்னு கண்டுபிடிக்கலாமா?

வண்டல்

தம்பி, தப்பு பப்பாளியிடம் இல்லை, ஜெல்லிடம்தான். சானிடைசர் ஜெல்லில் ஆல்கஹாலைக் கெட்டியாக்க ஒரு பாலிமர் சேர்ப்பார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் அது உடைந்து கலங்கும், நீங்கள் பார்த்த கலங்கல் பெரும்பாலும் அதுதான். ஜெல் வேண்டாம். தண்ணீர் போல ஓடும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், லேபிளில் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், 90-க்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. மெத்தனால் கலந்த ஸ்பிரிட் கூடவே கூடாது, அது நஞ்சு.

சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், ஐசோப்ரோப்பைல் கலவையில் பாதியளவு இருந்தாலே டிஎன்ஏ வெளியே வந்துவிடும். எத்தனால் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 70 சதவீத எத்தனாலை இரண்டு மடங்கு ஊற்றி, முழுவதும் கலந்துபோனால் மொத்தத்தில் 47 சதவீதம்தான் நிற்கும், ஒன்றும் வராது. ஆகவேதான் கலக்காமல் அடுக்காக ஊற்ற வேண்டும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஆல்கஹாலைச் சுவரோரமாக வழியவிடுங்கள். 5 மி.லி. வடிநீருக்கு 10 மி.லி. அடுக்கு சரியாக விழுந்திருந்தால், கீழே மங்கலான மஞ்சள், மேலே தெளிந்த திரவம், நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. ஓரிரு நிமிடத்தில் அந்தக் கோட்டிலிருந்து வெள்ளை நூல்கள் குமிழிகளோடு மேலே எழும். கோடே தெரியாவிட்டால் வேகமாக ஊற்றிவிட்டீர்கள் என்று பொருள். குலுக்கிச் சரிசெய்யப் பார்க்காமல், புதுக் குழாயில் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டாவது சந்தேகத்துக்கு: முடியாது. குழாயில் தெரிவது வெறும் பொருள், அதில் எந்தக் கார வரிசை இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. குறிப்பிட்ட ஒரு துண்டைத் தேடிப் பெருக்கிப் பார்க்கத் தனிக் கருவி வேண்டும். தவிர, சமையலறையில் எடுத்த டிஎன்ஏவில் பெக்டினும் புரதமும் ஒட்டியிருக்கும், அந்த வினையை அவையே தடுத்துவிடும்.

நுண்ணோக்கி

சாயம் வேண்டாம், அமிலமும் வேண்டாம் என்றால் மாணவர்கள் முன்னால் எதைக் காட்டி வித்தியாசத்தை நிறுவுவது? கணக்கு மட்டும் போதுமா?

வண்டல்

இரண்டு குழாய் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பழம், ஒரே உப்புத் தண்ணீர், ஒரே நேரம் பிசைந்தது. அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சோப்பு, மற்றதில் அதே அளவு வெறும் தண்ணீர். பிறகு இரண்டையும் ஒரே மாதிரி வடிகட்டி ஆல்கஹால் ஊற்றுங்கள்.

சோப்பில்லாத குழாயிலும் வெள்ளை வரும். இதை நீங்களே முன்கூட்டி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், மேடையில் அதிர்ச்சி வேண்டாம். சோப்பின் வேலை கொழுப்பாலான சவ்வுகளைக் கரைப்பது. எண்ணெய்ப் பாத்திரத்தில் செய்வதையே அது செல் சவ்விலும் உட்கருவின் உறையிலும் செய்கிறது. சோப்பு இல்லையென்றால் உட்கரு பெரும்பாலும் மூடியே இருக்கும். அப்படியிருந்தும் வெள்ளை வருகிறது என்றால், அதில் பெரும்பகுதி உட்கருவிலிருந்து வந்ததல்ல. இந்த ஒரு வாக்கியத்தை மாணவர்கள் வாயிலிருந்து வரவழைத்துவிட்டால் உரை வெற்றி.

பார்வைக்கும் கொஞ்சம் வேறுபாடு உண்டு. பெக்டின் ஜெல்லிக் கட்டியாக, ஒளி ஊடுருவும் சளிபோல மிதக்கும், குச்சியால் தொட்டால் விலகிப்போகும். டிஎன்ஏ கலந்தது மெல்லிய இழைகளாக இழுபடும், ஒரே பக்கமாகச் சுழற்றினால் குச்சியில் ஏறும். ஆனால் இதை உறுதியான அடையாளமாகச் சொல்லிவிட வேண்டாம். பல சமயம் இரண்டு குழாய்க்கும் வித்தியாசம் சொற்பமாகவே இருக்கும்.

கரும்பலகை

இரண்டு குழாய் யோசனை பிடிச்சிருக்கு. ஆல்கஹால் ஊத்தறதுக்கு முன்னாடி "சோப்பில்லாத குழாயில் என்ன வரும்?"னு கேட்டு, கை தூக்க வச்சு, எண்ணிக்கையைப் பலகையில எழுதிடுங்க. பெரும்பாலானவங்க "ஒண்ணும் வராது"ம்பாங்க. வெள்ளை வந்ததும் அவங்களே காரணம் தேட ஆரம்பிப்பாங்க. பெக்டின்னு நீங்க முந்திக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

கதை சொல்லணும்னா மீஷரைச் சொல்லுங்க, அது இதோட அப்படியே பொருந்தும்.

வண்டல்

நன்றாகப் பொருந்தும். 1869-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃப்ரீட்ரிக் மீஷர், அறுவைக் கட்டுத்துணிகளில் இருந்த சீழ் செல்களிலிருந்து ஒரு வெள்ளைப் பொருளைப் பிரித்தார். அவர் முன்னால் இருந்ததும் இதே கேள்விதான்: இது புரதமா, புதிதா? பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினைச் சேர்த்துப் பார்த்தார். அது புரதத்தைச் செரித்தது, இந்தப் பொருளைச் செரிக்கவில்லை. பகுத்துப் பார்த்ததில் பாஸ்பரஸ் நிறைய இருந்தது. வெள்ளையாக இருப்பதை அவர் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம், இரண்டு குழாய்களுக்குச் சற்று முன்னால் வைத்தால் சரியாக இருக்கும்.

பச்சையம்

உப்பு எதுக்குன்னு யாரும் சொல்லலையே. உப்பு செல்லை வெடிக்க வைக்கும், அதானே?

வண்டல்

உப்பு அதிகமான நீரில் செல் சுருங்கத்தான் செய்யும், வெடிக்காது. உப்பின் வேலை கடைசிப் படியில். டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர் மின்சுமை, இழைகள் ஒன்றையொன்று தள்ளும். சோடியம் அயனிகள் அந்தச் சுமையை மறைக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அயனிகள் ஒட்டாமல் நழுவிக்கொண்டே இருக்கும். ஆல்கஹால் வந்து தண்ணீரின் பிடியைத் தளர்த்தியதும் சோடியம் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், தள்ளுவிசை போய்விடும், இழைகள் ஒன்றாகத் திரளும். உப்பை விட்டுவிட்டால் இழைகள் சரியாகத் திரளாது. பழத்திலேயே கொஞ்சம் பொட்டாசியம் இருப்பதால் முழுக்கத் தோற்றும் போகாது.

குளிர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆல்கஹால் உறைபனியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அறை வெப்பத்திலும் டிஎன்ஏ திரளும். குளிர் என்றால் கரைதிறன் கொஞ்சம் குறையும், டிஎன்ஏவை வெட்டும் நொதிகளும் மந்தமாகும். நன்றாக மூடிய பாட்டிலை அரை மணி நேரம் பனிக்கட்டித் தண்ணீரில் நிறுத்தினால் போதும். வீட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொல்லாதீர்கள், மூடி கசிந்தால் உள்ளே ஆவி நிறையும், எளிதில் தீப்பற்றும் பொருள் அது. செய்துகாட்டும் மேசைக்கு அருகே அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. பிசைந்த பழத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நுண்ணோக்கி

எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் 5 நிமிடம்: டிஎன்ஏ எங்கே இருக்கிறது, வெளியே வர எந்தெந்தத் தடையைத் தாண்ட வேண்டும் என்று பலகையில் படம். செல் சுவர், செல் சவ்வு, உட்கரு உறை, அப்புறம் தண்ணீர். ஒவ்வொரு படியைச் செய்யும்போதும் அந்தப் படத்தில் ஒரு தடையை அழித்துவிடுவேன். பிசையும்போது சுவர், சோப்பில் இரண்டு சவ்வு, ஆல்கஹாலில் தண்ணீர். அடுத்த 10 நிமிடம் பிசைந்து, இரண்டாகப் பிரித்து, சோப்பும் தண்ணீரும் சேர்ப்பது. அப்படியே 10 நிமிடம் ஊறவிட்டு, அந்த இடைவெளியில் அரை மீட்டர் கணக்கு. வடிகட்டும் 5 நிமிடத்தில் மீஷர். பிறகு கணிப்புக்கு 3 நிமிடம், ஆல்கஹால் ஊற்றிக் கவனிக்க 7 நிமிடம். மீதி 5 நிமிடத்தில் 80 மைக்ரோகிராம் கணக்கும் கேள்விகளும்.

கரும்பலகை

கடைசி 5 நிமிடம் பத்தாது. 40 பேரும் குழாயைக் கையில வாங்கிப் பார்க்கணும்பாங்க. 80 மைக்ரோகிராம் கணக்கை வீட்டுப்பாடமா கொடுத்துடுங்க. 9-ஆம் வகுப்புக்கு இரண்டு குழாய் சரி. 6-ஆம் வகுப்புன்னா நான் இன்னும் ஒரே குழாய்தான் காட்டுவேன், இதுல எனக்கு மாற்றம் இல்லை.

வண்டல்

6-ஆம் வகுப்பிலும் இரண்டு குழாய் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கணக்கை விடலாம், ஒப்பீட்டை விடக்கூடாது.

கதிர்12

வண்டல் அண்ணா, பழச்சாறைத் தெளிவாக்கப் பயன்படுத்துற பெக்டினேஸ் நொதி சேர்த்தா பெக்டின் போயிடுமே? அப்புறம் மிச்சம் இருக்கிறது டிஎன்ஏதானே?

வண்டல்

நல்ல கேள்வி. சோப்பு சேர்க்கும் முன் போட வேண்டும், ஏனென்றால் சோப்பு நொதியையே கெடுக்கலாம். பிசைந்த கூழை 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் நொதி நன்றாக வேலை செய்யும், வாழைப்பழத்தின் புளிப்பும் அதற்கு ஏற்றதுதான். சங்கடம் என்னவென்றால், அதே வெப்பத்தில் அந்த அரை மணி நேரமும் பழத்தின் சொந்த நொதிகள் கசிந்த டிஎன்ஏவை வெட்டிக்கொண்டிருக்கும். பெக்டினும் குறையும், டிஎன்ஏவும் குறையலாம். சுத்தமான டிஎன்ஏ கிடைக்குமா, காலிக் குழாய் கிடைக்குமா என்பது பழத்துக்குப் பழம் மாறும். செய்வதாக இருந்தால் நொதி சேர்க்காத இன்னொரு கூழையும் அதே வெந்நீரில் அதே நேரம் வையுங்கள், இல்லையென்றால் வித்தியாசம் நொதியாலா சூட்டாலா என்று தெரியாது.